‘அதுவும் இருக்கு சார்’ என்றபோது விட்டுப்போன மிச்சம்

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் இன்சார்ஜாக இருக்கிறேன். வயது 34. எனக்குக் கீழே 22 பேர். ஆறு வருடமாக இருந்த ஒரு தம்பி போன மாதம் வேலையை விட்டுவிட்டார். போகும்போது எச்.ஆரிடம், “இன்சார்ஜ் சார்கிட்ட சொன்னேன், அவர் காதுலயே வாங்கல” என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அந்தப் பேச்சு நன்றாக நினைவிருக்கிறது. “பி ஷிப்ட் எனக்கு செட் ஆகல சார்” என்றார். “ஏன், பஸ் பிரச்சினையா?” என்றேன். “அதுவும் இருக்கு சார்” என்றார். உடனே அட்மினில் பேசி, பஸ் அவர் தெருமுனையிலேயே நிற்கும்படி செய்தேன். “வேற ஏதாவது இருக்கா?” என்றும் கேட்டேன். “இல்ல சார், சரி சார்” என்றார். இதில் எங்கே நான் காது கொடுக்கவில்லை? இப்போது இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் இருக்கும் ஒரு அக்கா, பேக்கிங்குக்கு மாற்றச் சொல்லி, “ரெண்டு நிமிஷம் பேசணும் சார்” என்கிறார். இவரையும் இழக்க விரும்பவில்லை. போன தம்பிக்கு போன் செய்து பேசலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ‘அதுவும்’ என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. பள்ளியில் எச்ச உம்மை என்று படித்திருப்பீர்கள். ‘அவனும் வந்தான்’ என்றால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று பொருள். அதே கணக்கில், ‘அதுவும் இருக்கு’ என்றால் பஸ்ஸைத் தவிர இன்னொன்று இருக்கிறது. பெரும்பாலும் அந்த இன்னொன்றுதான் பெரியது. அந்தத் தம்பி உங்களிடம் அதை மறைக்கவில்லை. ‘உம்’ போட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தார். நீங்கள் பஸ்ஸை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டீர்கள்.

நீங்கள் அக்கறை இல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. கம்பெனி பஸ்ஸின் நிறுத்தத்தை மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும். பயிற்சிக்கு வரும் மேற்பார்வையாளர்களில் இந்தத் தவறை அதிகம் செய்பவர்கள் உங்களைப் போல வேலையை முடித்துக் கொடுப்பவர்கள்தான். மெஷின் நின்றால் அரைக் குறிப்பிலேயே காரணத்தைப் பிடிக்கப் பழகிய மூளை, மனிதர் வாயைத் திறந்ததும் அதையே செய்கிறது.

உங்கள் முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். “ஏன், பஸ் பிரச்சினையா?” என்பது கேள்வி மாதிரி இருக்கிறது, ஆனால் விடையை நீங்களே அதற்குள் வைத்துவிட்டீர்கள். எதிரே நிற்பவர் உங்களிடம் சம்பளப் பட்டியலில் கையெழுத்து வாங்க வேண்டியவர். ‘இல்ல சார், பஸ் இல்ல, வேற’ என்று உங்களை மறுப்பதை விட, நீங்கள் நீட்டியதை வாங்கிக்கொள்வது அவருக்குச் சுலபம். அப்படியும் அவர் முழுதாக வாங்கிக்கொள்ளவில்லை, ஒரு ‘உம்’ சேர்த்தார். அது கொஞ்சம் துணிச்சலான காரியம்தான்.

அடுத்தது, “வேற ஏதாவது இருக்கா?” இதைக் கேட்டதால்தான் நீங்கள் நிம்மதியாக இருந்திருக்கிறீர்கள். இதைப் பற்றி அமெரிக்காவில் ஒரு நல்ல ஆய்வு உண்டு. ஜான் ஹெரிட்டேஜ் என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவினரும் 2007-இல் வெளியிட்டார்கள். 20 குடும்ப மருத்துவர்களைச் சேர்த்துக்கொண்டு, நோயாளிகள் உள்ளே போகும் முன்பே என்னென்ன சொல்ல நினைக்கிறார்கள் என்று எழுதி வாங்கினார்கள். பிறகு சில மருத்துவர்களை ‘இன்னும் ஏதாவது இருக்கிறதா’ என்ற தொனியிலும், சிலரை ‘இன்னும் சில விஷயம் இருக்கும் போலிருக்கிறதே’ என்ற தொனியிலும் கேட்கச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். இரண்டாவது விதத்தில் கேட்டபோது, சொல்லாமல் விடுபட்ட குறைகள் 78 சதவீதம் குறைந்தன. முதல் விதத்தில் கேட்டதற்கும் கேட்காமலே விட்டதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

தமிழில் இதைச் சோதித்த ஆய்வை வைத்து நான் பேசவில்லை, பழக்கத்தை வைத்துத்தான் சொல்கிறேன். ‘வேற ஏதாவது இருக்கா?’ என்று நாம் எப்போது கேட்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். எழுந்திருக்கும்போது, பேனாவை மூடும்போது, கல்லாவில் பில் போடும் முன்பு. காது பழகிய பதில் ‘இல்ல’ மட்டும்தான். ‘வேற என்ன இருக்கு, சொல்லுங்க’ என்றால் இருக்கிறது என்பதை நீங்கள் ஏற்கனவே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். எதிரில் இருப்பவர் அதை எடுத்து வெளியே வைத்தால் போதும்.

இனி, இது ஏன் நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான் பயிற்சி பிடிபடும். பத்து மொழிகளில் மக்கள் பேசுவதைப் பதிவு செய்து, கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் எவ்வளவு நேரம் போகிறது என்று 2009-இல் ஒரு குழு அளந்தது. ஜப்பானியர், டேனிஷ்காரர், லாவோஸ்காரர் எனப் பல நாட்டினரும் இருந்தார்கள். சராசரி இடைவெளி ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் ஒரே ஒரு சொல்லை மூளையில் தேடியெடுத்து வாய்க்குக் கொண்டுவரவே அரை வினாடிக்கு மேல் ஆகிறது. கணக்கு இடிக்கிறதல்லவா? எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே நாம் பதில் தயாரிக்க ஆரம்பித்துவிடுகிறோம் என்றுதான் இதற்கு அர்த்தம். உங்களுக்கு மட்டும் உள்ள குறை இல்லை, மனிதர் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறோம்.

அந்தப் பத்து மொழிகளில் தமிழ் இல்லை. ஆனால் தமிழில் இந்தப் பழக்கத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். நம் வாக்கியத்தில் முக்கியமான சேதி கடைசியில் வருகிறது. ‘ஊருக்குப் போயிடலாம்னு இருந்தேன்’, ‘ஊருக்குப் போயிடலாம்னு இருக்கேன்’ என்ற இரண்டும் கடைசிச் சொல் வரை ஒன்றேதான். ஒருவர் மனசை மாற்றிக்கொண்டவர், இன்னொருவர் மூட்டை கட்டிக்கொண்டிருப்பவர். ‘முடியும்’, ‘முடியாது’, ‘முடியும்தான்’, ‘முடியாம என்ன’ எல்லாம் கடைசியில்தான் பிரிகின்றன. பதிலைத் தயாரிக்க ஆரம்பித்துவிட்ட காதுக்கு அந்த நேரத்தில்தான் கவனம் குறைவாக இருக்கிறது.

அதனால் உங்களுக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சி வாக்கியத்தின் வாலைப் பிடிப்பது. ஒரு வாரத்துக்கு, சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். டீ நேரத்திலோ லைனில் நடக்கும்போதோ யாருடனாவது பேசி முடித்தபிறகு, அவர் சொன்ன ஏதாவது ஒரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் எழுதுங்கள். ஒரு நாளைக்கு மூன்று போதும். ‘பாத்துக்கலாம்’, ‘இருந்துச்சு’, ‘பரவால்ல’, ‘என்னமோ’ என்று சேரும். அவர் பேசும்போது எழுதக் கூடாது, போன பிறகுதான். முதல் இரண்டு நாள் கடைசிச் சொல் நினைவுக்கே வராது. நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பது மட்டும் தெளிவாக நினைவிருக்கும். அப்படி ஆனால் கோடு ஒன்று போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் முயலுங்கள். அந்தக் கோடுகள் குறைகின்றனவா என்பதுதான் உங்கள் அளவுகோல்.

கூடவே, அவர் முடித்ததும் ஒரு ‘ம்’. பாட்டி கதை சொல்லும்போது ‘ம்’ கொட்டச் சொல்வாள், நிறுத்தினால் ‘தூங்கிட்டியா?’ என்று கதையை நிறுத்திவிடுவாள். அதில் விஷயம் இருக்கிறது. ஜேனட் பவேலஸ் என்ற கனடா ஆய்வாளர் 2000-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒருவர் தான் ஆபத்தில் தப்பிய கதையைச் சொல்ல, கேட்பவரில் சிலரிடம் மட்டும், பேச்சில் ஆங்கில ‘டி’ எழுத்தில் தொடங்கும் சொற்களை எண்ணச் சொன்னார்கள். அவர்கள் ஒரு வார்த்தையையும் தவறவிடாமல்தான் கவனித்தார்கள். ஆனால் முகத்திலும் குரலிலும் கதைக்கு ஏற்ற எதிர்வினை வரவில்லை. விளைவு, கதை சொன்னவர்கள் தடுமாறினார்கள், முக்கியமாக முடிவைச் சொல்லும்போது. நன்றாகக் கேட்கப்படாத ஆள் நன்றாகச் சொல்லவும் மாட்டார். ‘இவங்களுக்கு ஒரு விஷயத்தைத் தெளிவாச் சொல்லவே தெரியல’ என்று மேற்பார்வையாளர்கள் என்னிடம் புலம்பும்போதெல்லாம் எனக்கு இந்தச் சோதனைதான் ஞாபகம் வரும். உங்கள் உற்பத்தி டார்கெட்தான் உங்களுடைய ‘டி’ எண்ணிக்கை.

இரண்டாவது பயிற்சிதான் இந்தப் பதிலின் நடுத்தூண். கேட்டதை உங்கள் வார்த்தையில் சுருக்கி, திருப்பிச் சொல்வது. இன்று ‘ஆக்டிவ் லிசனிங்’ என்று பயிற்சிகளில் சொல்லப்படுவதற்கு அந்தப் பெயரைப் பரப்பியது கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் 1957-இல் எழுதிய ஒரு சிறு புத்தகம். ரோஜர்ஸ் உளவியல் ஆலோசகர்தான். ஆனால் புத்தகத்தை வெளியிட்டது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தொழில் உறவு மையம். உங்களைப் போன்ற ஃபோர்மேன்களை மனதில் வைத்து எழுதியதுதான் அது. நடுவில் எப்படியோ இது தலையாட்டுவது, கண்ணைப் பார்ப்பது, முன்னால் சாய்ந்து உட்காருவது என்று ஒரு நாடகப் பயிற்சியாகிவிட்டது. தலையை எவ்வளவு ஆட்டினாலும், அவர் சொன்னது உங்களுக்கு எப்படிப் புரிந்தது என்று அவருக்குத் தெரியாது. திருப்பிச் சொன்னால்தான் தெரியும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. திருப்பிச் சொல்லும்போது வாக்கியத்தின் கடைசியில் ‘ஆ’ போடாதீர்கள். ‘பி ஷிப்ட் ஒத்துவரலையா?’ என்றால் விசாரணை மாதிரி இருக்கும். அவர் ‘ஆமா சார்’ என்று நிறுத்திவிடுவார். ‘பி ஷிப்ட் ஒத்துவரல’ என்று குரலை இறக்கி, சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அந்த வாக்கியம் மேஜை மேல் வைத்த பொருள் மாதிரி நடுவில் கிடக்கும். சரியாக இருந்தால் அவர் மேலே சொல்லுவார். தப்பாக இருந்தால் திருத்துவார். இரண்டுமே உங்களுக்கு லாபம். ‘ங்கறீங்க’ என்ற ஒட்டு இதற்கு நன்றாக உதவும். ‘வேலை கஷ்டம் இல்ல, நேரம்தான் கஷ்டம்ங்கறீங்க.’

சொல்லிவிட்டுச் சும்மா இருப்பதுதான் எல்லோருக்கும் கஷ்டம். மூன்று வினாடி என்று நான் சொன்னால் வகுப்பில் சிரிப்பார்கள். கடிகாரத்தை வைத்துப் பார்க்கச் சொன்னால் இரண்டாவது வினாடியில் யாராவது தொண்டையைச் செருமுவார்கள். மனசுக்குள் ‘ஓராயிரம், ஈராயிரம், மூவாயிரம்’ என்று எண்ணிக்கொள்ளுங்கள். எண்ணும்போது போனையோ கடிகாரத்தையோ பார்த்தால் அந்த அமைதி ‘சீக்கிரம் முடி’ என்று மாறிவிடும்.

இதை முதன்முதலில் கஷ்டமான பேச்சில் முயலாதீர்கள். ஷிப்ட் மாற்றிக் கொடுக்கும் நேரம் இருக்கிறதே, அதில் பழகுங்கள். முந்தின ஷிப்ட் இன்சார்ஜ் நிலவரம் சொல்லுவார். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும் முன், ‘அப்ப மூணாம் நம்பர் மெஷின்ல டூல் மாத்தியாச்சு, ஆனா முதல் பீஸ் இன்னும் செக் ஆகல’ என்று ஒரு வாக்கியத்தில் திருப்பிச் சொல்லுங்கள். பத்து நாளில் எத்தனை முறை அவர் ‘இல்ல இல்ல, அது நாலாம் நம்பர்’ என்று திருத்துகிறார் என்று குறித்து வையுங்கள். நம் காது எவ்வளவு நம்பத்தக்கது என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி இல்லை.

அவர் சொன்ன அதே சொற்களை அப்படியே திருப்பினால் கிளி மாதிரி ஆகிவிடும், இரண்டு முறைக்கு மேல் அவருக்கே எரிச்சல் வரும். அவர் சொன்னதில் அரை அடி முன்னால் வையுங்கள், ஓர் அடி வேண்டாம். சரியாகப் பட்டதா என்று எப்படித் தெரியும்? ‘அதான் சார்’ என்ற சொல்லைத் தேடுங்கள். ‘அதான் சார், அதத்தான் நானும்...’ என்று பேச்சு ஓட ஆரம்பித்தால் பட்டுவிட்டது. ‘சரி சார்’ வந்தால் நீங்கள் வேறெங்கோ போய்விட்டீர்கள், அவர் விட்டுக்கொடுத்துவிட்டார். நம் தொழிற்சாலைகளில் ‘சரி சார்’ சம்மதம் இல்லை, பேச்சை முடித்துக்கொள்ளும் மரியாதையான வழி. உங்கள் தம்பி கடைசியாகச் சொன்னது என்ன என்று கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது அந்த அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். இன்ஸ்பெக்‌ஷனிலிருந்து பேக்கிங்குக்கு யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை. அதனால் ‘ஏன்’ என்று கேட்க உங்களுக்கு நாக்கு துறுதுறுக்கும். ‘கண்ணு வலிக்குதாக்கா?’ என்று ஒரு விடையை நீட்டவும் தோன்றும். இரண்டையும் தள்ளி வையுங்கள். ‘ஏன்’ என்பதை மேலதிகாரி கேட்டால் காரணம் கேட்பது போல இருக்காது, கணக்குக் கேட்பது போல இருக்கும்.

இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். மெஷின் சத்தத்துக்கு நடுவில் இந்தப் பேச்சு நடக்காது, கத்திப் பேசினால் எல்லாமே புகார் மாதிரிதான் ஒலிக்கும். ஷிப்ட் முடியும் கடைசிப் பத்து நிமிடமும் வேண்டாம், அவருக்குப் பஸ் நினைப்பு இருக்கும். கேன்டீன் காலியாக இருக்கும் நேரம், அல்லது கண்ணாடிக் கதவு வைத்த அறை. ‘அக்கா, இப்ப கால் மணி நேரம் இருக்கு. பத்தலைன்னா நாளைக்கும் உக்காரலாம்’ என்று சொல்லிவிடுங்கள்.

பேச்சு எப்படிப் போகலாம் என்று ஒரு கற்பனை எழுதிக் காட்டுகிறேன். அவர் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்த பேச்சுகள் பெரும்பாலும் இந்த வளைவுகளில்தான் போயின.

“சொல்லுங்கக்கா.”

“ஒண்ணும் இல்ல சார். பேக்கிங்னா கொஞ்சம் நிம்மதியா இருக்கும்.”

“இங்க நிம்மதி இல்லைங்கறீங்க.”

“வேலை ஒண்ணும் கஷ்டம் இல்ல சார். ஏழு வருசமா பாக்குற வேலை.”

“வேலை பிரச்சினை இல்ல.”

இங்கேதான் அந்த மூன்று வினாடி. அவர் கையில் உள்ள துணியையோ கையுறையையோ மடித்துக்கொண்டிருப்பார். நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும்.

“போன வாரம் கஸ்டமர்கிட்ட இருந்து 40 பீஸ் திரும்பி வந்துச்சுல்ல சார். காலை மீட்டிங்ல என் டேபிள்னு சொன்னாங்க. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அந்த லாட் போன அன்னைக்கு நான் லீவு சார்.”

இந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்த மீட்டிங்கில் அப்படிச் சொன்னது நீங்களாகவே இருக்கலாம். ‘இல்லக்கா, நான் பேரு சொல்லல, டேபிள் நம்பர்தான் சொன்னேன்’ என்று உடனே வாய் வரும். உண்மையாகவே இருந்தாலும் இப்போது அது வேண்டாம். உங்கள் நியாயத்தைச் சொல்ல ஐந்து நிமிடம் கழித்தும் நேரம் இருக்கும். இப்போது சொன்னால் அவர் உங்கள் நியாயத்தைக் கேட்டுக்கொண்டு ‘சரி சார்’ என்று எழுந்துவிடுவார்.

“உங்க கை படாத லாட்டுக்கு உங்க தலை உருண்டுருச்சு.”

“அதான் சார்! நான் தப்பு பண்ணியிருந்தா ஒத்துக்குவேன் சார்.”

“வேற என்ன இருக்குக்கா, சொல்லுங்க.”

“அந்த டேபிள்ல மூணு ஷிப்ட்டும் மாத்தி மாத்தி உக்காருறோம். ஓகே சீல் ஒண்ணுதான் சார் இருக்கு. யார் போட்டதுன்னு யாருக்குத் தெரியும்?”

பாருங்கள், பேக்கிங் மாற்றம் என்று ஆரம்பித்தது எங்கே வந்து நிற்கிறது. மூன்று பேர் ஒரே சீலைப் பயன்படுத்தினால் எந்தப் பீஸை யார் பார்த்தார் என்று தெரியாது என்பது அவருடைய மனவருத்தம் மட்டும் இல்லை, உங்கள் தர ஆவணத்தில் ஓட்டை. கஸ்டமர் தணிக்கைக்கு வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். முதல் வாக்கியத்திலேயே ‘பேக்கிங்ல இப்ப இடம் இல்லக்கா’ என்று சொல்லியிருந்தால், அல்லது நல்ல மனசோடு இடம் மாற்றியே கொடுத்திருந்தால், அந்தச் சீல் அங்கேயே இருந்திருக்கும், அடுத்த ஆள் அந்த டேபிளில் உட்கார்ந்திருப்பார்.

கடைசியாகத் தொகுத்துச் சொல்லுங்கள். ‘மீட்டிங்ல உங்க மேல வந்த பேச்சு தப்பு, அது வலிச்சிருக்கு. சீல் ஒண்ணா இருக்கறதால இது மறுபடியும் வரும்னு பயப்படுறீங்க. நான் ஏதாவது விட்டுட்டேனா?’ இங்கே ‘ஆ’ போட்டுக் கேட்கலாம், தவறில்லை, நீங்கள் கேட்பது உங்கள் குறையை. அதன் பிறகு, என்ன செய்யப் போகிறீர்கள் என்று முடிவு செய்யும் முன், அவரிடம் ஒரு கேள்வி: ‘இதுல நான் என்ன செஞ்சா சரியா இருக்கும்னு நினைக்கிறீங்க?’ சிலர் தனித்தனி சீல் கேட்பார்கள். சிலர் அடுத்த மீட்டிங்கில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பார்கள். சிலர் எல்லாவற்றுக்கும் பிறகும் பேக்கிங்குக்கே போகிறேன் என்பார்கள். அது அவர் உரிமை.

நீங்கள் செய்வதாக ஒப்புக்கொண்டதை மட்டும் நாளோடு சொல்லுங்கள். ‘வர்ற வெள்ளிக்குள்ள க்யூ.ஏ.கிட்ட சீல் பத்திப் பேசிட்டு உங்ககிட்ட வர்றேன்.’ நடக்காவிட்டாலும் வெள்ளிக்கிழமை போய் நடக்கவில்லை என்று சொல்லுங்கள். கேட்டுவிட்டுக் காணாமல் போகும் இன்சார்ஜை விட, கேட்காத இன்சார்ஜே மேல் என்று சொன்ன தொழிலாளர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

இதைச் செய்யக் கூடாத நேரங்களும் உண்டு. ஆயில் கசிகிறது, யாரோ கையை உள்ளே விடுகிறார் என்றால் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், கத்துங்கள். முடிவு ஏற்கனவே மேலிடத்தில் எடுக்கப்பட்டுவிட்டது, மாறாது என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். ‘பி ஷிப்ட்டை எடுக்க முடியாதுக்கா, அது முடிவாயிருச்சு. ஆனா உங்களுக்கு அதுல என்ன கஷ்டம்னு தெரிஞ்சுக்கணும்.’ அதைச் சொல்லாமல் அரை மணி நேரம் உருக்கமாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் ‘முடியாது’ என்றால் ஏமாற்றியது போல ஆகும். இன்னொன்று, ‘யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, சொல்றேன்’ என்று யாராவது ஆரம்பித்தால் சத்தியம் செய்யாதீர்கள். அது பாலியல் தொந்தரவு பற்றியதாக இருந்தால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனத்தில் இருக்க வேண்டிய உள்ளகக் குழுவுக்குப் போகும் வழியை நீங்கள் காட்ட வேண்டும். ‘சில விஷயத்தை நான் எனக்குள்ள மட்டும் வச்சுக்க முடியாதுக்கா. ஆனா உங்களைக் கேக்காம யார்கிட்டயும் போகமாட்டேன்’ என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுவதாக ஒருவர் சொன்னால், அவரைத் தனியே விடாமல், அரசின் டெலி மானஸ் எண் 14416-க்கு அவரோடு உட்கார்ந்து அழையுங்கள். நீங்கள் சிகிச்சை கொடுக்க வேண்டியதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் நிச்சயம் வரும். இரண்டு மூன்று வாரம் இப்படிப் பழகினால் ‘சார் என்ன, ட்ரெய்னிங் போயிட்டு வந்தாரா’ என்று லைனில் பேசிக்கொள்வார்கள். நீங்கள் சொல்லும் வாக்கியங்கள் உங்களுக்கே செயற்கையாக இருக்கும். அப்போது திருப்பிச் சொல்வதைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஒரு பேச்சுக்கு இரண்டே முறை. கடைசிச் சொல்லைக் கவனிப்பதை மட்டும் விடாதீர்கள், அது வெளியே தெரியாத வேலை.

போன தம்பி விஷயம். போன் செய்யுங்கள். ஆனால் திரும்ப வேலைக்குக் கூப்பிடவோ, பஸ் மாற்றிக் கொடுத்ததை நினைவுபடுத்தவோ வேண்டாம். எச்.ஆரிடம் அவர் சொன்னதைப் பற்றிக் கேட்டாலும் அவர் தற்காத்துக்கொள்ளத்தான் செய்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு, நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டு, இதை மட்டும் சொல்லுங்கள்: “தம்பி, அன்னைக்கு நீ ‘அதுவும் இருக்கு’ன்னு சொன்ன. மிச்சத்தை நான் கேக்கவே இல்ல.” சொல்லிவிட்டு எண்ண ஆரம்பியுங்கள். போனில் மூன்று வினாடி ரொம்ப நீளமாக இருக்கும்.